ஒரே பம்பு, இரண்டு கட்டுரை

லண்டன் மாநகரில் சோஹோ என்று ஒரு பகுதி. 1854 செப்டம்பர் 8ஆம் தேதி, அங்கே பிராட் தெருவில் இருந்த அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். இந்தப் பம்புத் தண்ணீர்தான் காலராவைப் பரப்புகிறது, உடனே நிறுத்துங்கள் என்று முந்தின நாள் மாலை ஜான் ஸ்நோ என்ற டாக்டர் போய்ச் சொன்னதுதான் காரணம். யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று கணக்கெடுத்து நோயின் ஊற்றைக் கண்டுபிடிக்கும் துறைக்கே அந்தக் கைப்பிடி அடையாளமாகிவிட்டது. ஆங்கிலப் பத்திரிகைகள் இந்தக் கதையை எழுதி அலுத்ததே இல்லை.

அப்படி ஒரு கட்டுரையைத் தமிழில் போடலாம் என்று ஒரு பத்திரிகை முடிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைக்கூட விடாமல் தமிழாக்கம் செய்து தருகிறார். முதல் பத்தி இப்படி வருகிறது:

“41 வயதான அந்த மருத்துவர் செயின்ட் ஜேம்ஸ் திருச்சபை வட்டத்தின் பாதுகாவலர் சபையின் முன் நடந்து வந்தபோது, அது ஒரு வியாழக்கிழமை மாலையாக இருந்தது. யார்க் நகரில் பிறந்த அந்த மயக்க மருந்து நிபுணர் ஒரு எளிய கோரிக்கையைக் கொண்டிருந்தார்: பிராட் தெருப் பம்பின் கைப்பிடி அகற்றப்பட வேண்டும். அடுத்த நாள் அது அகற்றப்பட்டது, மேலும் நவீனத் தொற்றுநோயியல் பிறந்தது. ஆனால் கதை அவ்வளவு எளிமையானது அல்ல.”

சொற்கள் தமிழ்தான். தகவலிலும் பிழை இல்லை. ஆனாலும் படிக்கிறவர் நாலு வரிக்குள் நாலு இடத்தில் இடறுகிறார். ‘அந்த மருத்துவர்’ என்றால் எந்த மருத்துவர்? அடுத்த வரியில் வரும் மயக்க மருந்து நிபுணர் இன்னொருவரா? பாதுகாவலர் சபை என்பது போலீஸா, கோயில் நிர்வாகம் மாதிரி ஏதாவதா? கதையே இன்னும் சொல்லப்படவில்லை. அதற்குள் எந்தக் கதை எளிமையானது அல்ல?

ஆங்கில வாசகர் இங்கே எங்கும் இடறமாட்டார். இந்தப் பத்தி அவருக்குப் பழகிய வீடு. வாசல் எங்கே, கூடம் எங்கே என்று இருட்டிலும் நடப்பார். தமிழ் வாசகர் பழகிய வீட்டின் அமைப்பு வேறு. மொழிபெயர்ப்பாளர் செங்கல்லை எல்லாம் மாற்றினார், வீட்டின் வரைபடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

ஆங்கிலக் கட்டுரையின் எலும்புக்கூடு

ஆங்கிலத்தில் படித்த பிள்ளைக்குப் பள்ளியிலேயே ஒரு சட்டகம் ஊட்டப்படுகிறது. முதல் பத்தியின் முடிவில் உன் வாதத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடு. பிறகு ஒரு பத்திக்கு ஒரு சான்று. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும் அந்தப் பத்தி எதை நிறுவப்போகிறது என்று அறிவிக்க வேண்டும். கடைசிப் பத்தியில் முதலில் சொன்னதை வேறு சொற்களில் திரும்பச் சொல். அமெரிக்கப் பள்ளிகளில் ‘ஐந்து பத்திக் கட்டுரை’ என்றே இதற்குப் பெயர். பத்தியின் தொடக்கம் அதன் பொருளைக் காட்ட வேண்டும் என்ற விதி, ஸ்காட்லாந்துப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெய்ன் 1866இல் வெளியிட்ட ஒரு பாடநூலின் வழியாகப் பரவியது.

பத்திரிகைக் கட்டுரை இதைவிடக் கொஞ்சம் ஒய்யாரமானது. ஒரு காட்சியோடு தொடங்கும். ஆனால் மூன்றாவது அல்லது நான்காவது பத்தியில் காட்சியை நிறுத்திவிட்டு, இந்தக் கட்டுரை எதைப் பற்றியது, இதை ஏன் படிக்க வேண்டும் என்று பளிச்சென்று சொல்லிவிடும். அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் இதைக் ‘கொட்டைப் பத்தி’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பழத்துக்குள் கொட்டை போல, கட்டுரையின் உயிர் அதில் இருக்கிறதாம். நம் பம்புக் கட்டுரையில் அந்தப் பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: கைப்பிடியைக் கழற்றியதால் கொள்ளைநோய் நின்றது என்பது பாதிதான் உண்மை, அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டது, ஸ்நோவின் உண்மையான சாதனை அவர் சேர்த்த சான்றுகள்தான்.

முடிவை முதலிலேயே வாங்கிக்கொண்ட வாசகர், இந்த ஆள் இதை எப்படி நிரூபிக்கிறான் பார்ப்போம் என்ற மனநிலையில் மிச்சத்தைப் படிக்கிறார். ஏறக்குறைய நீதிமன்றம் மாதிரி. குற்றச்சாட்டு முதலில், சாட்சிகள் பிறகு.

தமிழ்க் கட்டுரை எப்படி நடக்கிறது?

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரு சட்டகம் உண்டு. குறிப்புச்சட்டகம் என்று பெட்டி போட்டு, முன்னுரை, நடுவில் நாலைந்து உட்தலைப்பு, முடிவுரை என்று எழுத வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். உள்ளே போனால் வேறுபாடு புரியும். தமிழ்ப் பிள்ளையின் முன்னுரை பொருளை அறிமுகப்படுத்துகிறது, வாதத்தை வைப்பதில்லை. ‘நூலகத்தின் பயன்கள்’ என்ற கட்டுரையின் முன்னுரை ஒரு மேற்கோளில் தொடங்கி, நூலகம் பற்றி இக்கட்டுரையில் காண்போம் என்று முடியும். நூலகத்தைப் பற்றி எழுதுகிறவரின் நிலைப்பாடு என்ன என்று யாரும் அங்கே எதிர்பார்ப்பதில்லை.

இது பழைய வழக்கம். நன்னூல் பாயிரத்தில் ஒரு நூலின் முகப்பில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று எட்டுச் செய்திகள் பட்டியலிடப்படுகின்றன. ஆக்கியவர் யார், நூலின் பெயர் என்ன என்பவற்றோடு ‘நுதலிய பொருள்’, ‘கேட்போர்’, ‘பயன்’ என்ற மூன்றும் அதில் உண்டு. எதைப் பற்றி, யாருக்காக, படித்தால் என்ன கிடைக்கும்? இவற்றை முதலிலேயே சொல்லச் சொன்ன மரபு, முடிவையும் முதலில் சொல்லிவிடு என்று கேட்கவில்லை.

அதே நன்னூல் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று எண்ணுகிறது. ‘கூறியது கூறல்’ அவற்றில் ஒன்று. ஆங்கிலக் கட்டுரையின் கடைசிப் பத்தி, இலக்கணப்படி செய்ய வேண்டிய கடமையாக எதைச் செய்கிறதோ, அது இங்கே குற்றப் பட்டியலில் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் அந்தப் பத்தியைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு, எழுதியவருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று தோன்றுவதில் வியப்பில்லை.

இன்னொரு காரணம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கில வாக்கியம் எழுவாயையும் வினையையும் முன்னால் வைத்துவிட்டு, எப்போது, எங்கே, எதனால் என்பவற்றைப் பின்னால் கோத்துக்கொண்டே போகும். தமிழில் வினைமுற்று கடைசியில். வந்து, பார்த்து, கேட்டு, அலைந்து என்று எச்சங்கள் வரிசையாக வர, கடைசிச் சொல்லில்தான் செய்தி முழுமை அடைகிறது. முக்கியமானது இறுதியில் வரும் என்று தமிழ்க் காது பிறந்ததிலிருந்தே காத்திருக்கப் பழகியிருக்கிறது. வாக்கியத்தின் பழக்கம் பத்திக்கும் தொற்றுகிறது. நல்ல தமிழ்ப் பத்தி பெரும்பாலும் தன் முதல் வாக்கியத்தால் முந்தின பத்தியின் கையைப் பிடித்துக்கொள்கிறது; தன் கருத்தைக் கடைசி வாக்கியத்தில் இறக்கிவைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆங்கிலேயர் நேர்கோட்டில் யோசிக்கிறார்கள், கீழை நாட்டினர் சுற்றிச் சுற்றி யோசிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. இதற்கு வேர், அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் கப்லன் 1966இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை. அதில் அவர் ஐந்து படங்கள் வரைந்திருந்தார். ஆங்கிலத்துக்கு ஒரு நேரான அம்பு, கீழை மொழிகளுக்கு உள்நோக்கிச் சுழலும் சுருள். படம் பிரபலமானது. ஆனால் அந்த ஐந்தில் தமிழுக்கென்று ஒன்று இல்லை. தன் வாதம் அளவுக்கு மீறியது என்பதைக் கப்லனே பின்னாளில் ஒத்துக்கொண்டார். தமிழ் மரபு சுற்றி வளைப்பதைப் பாராட்டியதும் இல்லை. நன்னூலின் பத்துக் குற்றத்தில் ‘மற்றொன்று விரித்தல்’ என்பதும் இருக்கிறது. எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டு போவது தமிழிலும் குற்றம்தான். தமிழ்க் கட்டுரையும் நேராகத்தான் நடக்கிறது. முடிவை எந்த இடத்தில் வாசகர் கையில் கொடுக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

பழந்தமிழில் இதற்கு ஒரு பெயர்

வேற்று மொழி நூலைத் தமிழுக்குக் கொண்டுவருவதைத் தொல்காப்பியம் வழிநூல் வகைகளில் ஒன்றாக வைக்கிறது. சுருக்கி எழுதுவது, விரித்து எழுதுவது, இரண்டும் கலந்து எழுதுவது, நான்காவதாக ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’. அதர் என்றால் வழி. மொழியைப் பெயர்த்தால் மட்டும் போதாது, பெயர்த்ததைத் தமிழ் வழிக்குப் பொருந்தும்படி கட்டவும் வேண்டும் என்று அந்தத் தொடர் இரண்டு வேலையைக் கேட்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர் முதல் வேலையைச் செய்துவிட்டார். இரண்டாவதை எப்படிச் செய்வது?

கட்டிய வீட்டைப் பிரிக்க வேண்டும். ஆங்கிலக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அதில் உள்ள தகவல்களை மட்டும் தனித்தனி வரிகளாக எழுதிக்கொள்வது அனுபவசாலிகள் செய்கிற முதல் காரியம். வாக்கியங்களை அல்ல, தகவல்களை. பம்புக் கட்டுரையைப் பிரித்தால் இவை கிடைக்கும்: ஆகஸ்ட் 31 இரவில் நோய் வெடித்தது. பத்து நாளில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்நாளில் பெரும்பாலான டாக்டர்கள் துர்நாற்றக் காற்றால் நோய் வருவதாக நம்பினார்கள். ஸ்நோ பதிவு அலுவலகத்தில் இறப்புப் பட்டியலை வாங்கி, வீடு வீடாகப் போய் விசாரித்தார். பீர் ஆலை, ஏழைகள் விடுதி, தொலைவில் ஒரு விதவை என்று சில விசித்திரமான சான்றுகள் சிக்கின. கைப்பிடி கழற்றப்பட்டது. வரைபடம் மறுவருடம் அச்சானது. ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார் ஸ்நோவின் கருத்தைப் பொய்யாக்கப் புறப்பட்டு, அதையே உறுதிப்படுத்தும் சான்றோடு திரும்பினார்.

அடுத்த கேள்வி நன்னூல் சொன்ன ‘கேட்போர்’ பற்றியது. ஆங்கிலக் கட்டுரை யாருக்காக எழுதப்பட்டது? சோஹோவை அறிந்தவர்களுக்கு; கைப்பிடிக் கதையைப் பள்ளியிலேயே கேட்டவர்களுக்கு. அதனால்தான் அந்தக் கட்டுரை ‘கதை அவ்வளவு எளிமையானது அல்ல’ என்று தொடங்க முடிகிறது. வாசகர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நம்பிக்கையைத் தட்டி எழுப்பி மறுப்பது அதன் உத்தி. தமிழ் வாசகரில் பலர் இந்தக் கதையைக் கேட்டதே இல்லை. கேட்காத கதையை மறுத்தால் யாருக்கும் வியப்பு வராது. ஆகவே அந்த வாசலை அடைத்துவிட்டு வேறு வாசல் வைக்க வேண்டும்.

எந்த வாசல்? தமிழ் வாசகருக்குப் பேதி என்றால் தெரியும். தெருக்குழாயில் குடத்தோடு நிற்பது தெரியும். ஒரே தெருவில் சிலரை நோய் அடித்துப் போட, சிலரைத் தொடாமல் போனால் ஏன் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விதான் வாசல். புதிய முதல் பத்தி இப்படி அமையலாம்:

“1854 ஆகஸ்ட் கடைசி நாள் இரவில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பத்து நாளில் 500 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். கெட்ட காற்றால் வரும் நோய் என்று அப்போதைய டாக்டர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். பக்கத்தில் குடியிருந்த ஜான் ஸ்நோ என்ற டாக்டருக்கு அதில் நம்பிக்கை இல்லை. முந்தின வருடம்தான் விக்டோரியா ராணியின் பிரசவத்துக்குக் குளோரோபாரம் கொடுத்துப் பெயர் பெற்றவர் அவர். எல்லோரும் சுவாசிப்பது ஒரே காற்று என்றால், சிலர் மட்டும் ஏன் தப்பித்தார்கள்? இதைக் கேட்டுக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார்.”

ராணியின் பிரசவம் ஆங்கிலக் கட்டுரையில் எங்கோ ஏழாவது பத்தியில், ஒரு கிளைவாக்கியத்தில் கிடந்த தகவல். இங்கே அது முன்னுக்கு வந்துவிட்டது, ஏனென்றால் யார் இந்த ஸ்நோ என்று கேட்கும் புதிய வாசகருக்கு ஒரே வரியில் ஆளை நிறுத்திவைக்க அது உதவுகிறது. பாதுகாவலர் சபை முதல் பத்தியிலிருந்து மறைந்துவிட்டது. பின்னால் வரும்போது, ‘அந்த வட்டாரத்தின் பொது நிர்வாகத்தைக் கவனித்த குழு’ என்று சொன்னால் போதும்.

சான்றுகளின் வரிசை

ஆங்கில மூலத்தில் தண்ணீர்தான் காரணம் என்பது முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அதனால் அங்கே சான்றுகள் எந்த வரிசையில் வந்தாலும் பெரிதாகக் கெடுவதில்லை. தமிழில் முடிவைத் தள்ளிவைத்தால் வரிசை உயிராகிவிடுகிறது. எது எதற்குப் பின் வந்தால் சந்தேகம் கூடும், எங்கே வந்து முடிச்சு அவிழும் என்று பார்த்து அடுக்க வேண்டும்.

பீர் ஆலைப் பத்தியை எடுத்துக்கொள்வோம். ஆங்கில முறையில் அது இப்படித் தொடங்கும்: “பீர் ஆலைத் தொழிலாளர்கள் உயிர் பிழைத்தது ஸ்நோவின் கருத்தை வலுப்படுத்தியது.” அதற்குப் பிறகு விவரம். தமிழில் இதையே இப்படிச் சொல்லலாம்:

“பிராட் தெருவில், பம்புக்குப் பக்கத்திலேயே ஒரு பீர் ஆலை. எழுபது பேருக்கு மேல் வேலை செய்தார்கள். தெருவெல்லாம் சாவு விழுந்த அந்த வாரத்தில் இவர்களில் ஒருவரும் சாகவில்லை. ஸ்நோ போய் முதலாளியைப் பார்த்தார். இவர்களுக்கு ஆலையிலேயே பீர் கொடுக்கிறோம், தண்ணீர் குடிப்பதே இல்லை என்று நினைக்கிறேன் என்றார் முதலாளி. ஆலைக்குள் ஆழமான கிணறும் இருந்தது. தெருப் பம்பின் பக்கம் ஒருவரும் போனதில்லை.”

தகவல் ஒன்றுதான். ஆனால் ஆங்கிலப் பத்தியின் முதல் வாக்கியம் இங்கே எழுதப்படவே இல்லை. அதை வாசகரே மனசுக்குள் சொல்லிக்கொள்கிறார்.

இதற்குப் பின் ஏழைகள் விடுதி. போக்கிடம் இல்லாதவர்களை வேலை வாங்கிக்கொண்டு சோறு போட்ட அரசு விடுதி அது. நோய் சூறையாடிய வீடுகள் சுற்றிலும் இருக்க, உள்ளே இருந்த 535 பேரில் இறந்தது ஐந்தே பேர். அங்கும் தனிக் கிணறு. இந்த இடத்தில் வாசகருக்குத் தண்ணீர்மேல் சந்தேகம் முளைத்திருக்கும். ஆனாலும் விடுதி, ஆலை இரண்டும் சுவர் வைத்த இடங்கள். தெருவின் காற்று உள்ளே வரவில்லை என்று இன்னும் வாதாட இடம் இருக்கிறது.

அந்த வாதத்தை முறிக்கும் சான்றைக் கடைசிக்கு வைக்க வேண்டும். சோஹோவிலிருந்து சில மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு விதவை காலராவில் இறந்தார். அந்தப் பக்கம் வேறு யாருக்கும் நோய் இல்லை. பல மாதமாக அவர் சோஹோ பக்கமே வரவில்லை. ஸ்நோ அவருடைய மகனைத் தேடிப் போய்க் கேட்டார். அம்மா முன்பு பிராட் தெருவில் இருந்தவர், அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி அவருக்குப் பிடிக்கும், தினமும் வண்டியில் ஒரு பெரிய பாட்டிலில் போகும் என்றார் மகன். ஆகஸ்ட் 31 வியாழக்கிழமை போன தண்ணீரை அன்று மாலையும் மறுநாளும் குடித்தார், சனிக்கிழமை இறந்தார். பார்க்க வந்திருந்த உறவுக்காரப் பெண்ணும் அதைக் குடித்துவிட்டு, இஸ்லிங்டனில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பி அங்கே இறந்தார். இங்கே காற்றுக்கு வேலையே இல்லை. ‘தண்ணீர்தான்’ என்று ஸ்நோ சொல்வதாகக் கட்டுரை இந்த இடத்தில் எழுதினால், வாசகர் தலையாட்டத் தயாராக இருக்கிறார்.

ஆங்கில மூலம் அரைப் பக்கம் ஒதுக்கிய வரைபடம் தமிழில் இரண்டு வரியாகச் சுருங்கிவிடும். தெருக்களின் பெயர் பழகியவர்களுக்குத்தான் அந்தப் படத்தைக் கண்ணால் நடந்து பார்க்க முடியும். மேலும் ஸ்நோ அதைப் பார்த்துப் பம்பைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்த பிறகு, மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக வரைந்தார்.

இடறல் தரும் சின்ன விஷயங்கள்

வரிசை சரியான பிறகும் மூன்று இடங்களில் கை நழுவும்.

முதலாவது, ஆளைக் குறிக்கும் சொல். ஆங்கில நடையில் ஒரே பெயரைத் திரும்ப எழுதுவது அழகில்லை என்பதால் ஸ்நோ, அந்த மருத்துவர், 41 வயதுக்காரர், யார்க் நகரத்துக்காரர் என்று மாற்றி மாற்றி எழுதுவார்கள். தமிழில் ஒவ்வொரு புதுப் பெயருக்கும் வாசகர் ஒரு புது ஆளைக் கற்பனை செய்துகொள்வார். ‘ஸ்நோ’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு ‘அவர்’ போதும். பல இடங்களில் வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிவிடும், அவரும் வேண்டாம்.

இரண்டாவது, உறுதியின் அளவு. பீர் ஆலை முதலாளி ஸ்நோவிடம் இரண்டு செய்தி சொன்னார். தொழிலாளர்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்று நம்புவதாக ஒன்று. தெருப் பம்பில் அவர்கள் தண்ணீர் பிடித்ததில்லை என்பது நிச்சயம் என்று இன்னொன்று. ஒன்று நம்பிக்கை, ஒன்று நிச்சயம். தமிழில் ஓட்டமாக எழுதும்போது இரண்டும் ‘குடிப்பதில்லை, பிடிப்பதில்லை’ என்று ஒரே உறுதிக்கு வந்துவிடும். மேலே காட்டிய பத்தியில் ‘என்று நினைக்கிறேன்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பது இதற்காகத்தான். ‘-லாம்’ விகுதியிலும் கவனம் வேண்டும். ‘இந்தத் தண்ணீரைக் குடிக்கலாம்’ என்றால் அனுமதி. ‘இந்தத் தண்ணீரைக் குடித்திருக்கலாம்’ என்றால் ஊகம். ஊகத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கூடும்’ என்று எழுதினால் குழப்பம் இல்லை.

மூன்றாவது, இடம். ஆங்கிலத்தில் 2,000 சொல் இருந்த கட்டுரை தமிழில் அதைவிடக் குறைந்த சொல்லில் அடங்கும், ஏனென்றால் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் சொற்கள் நீளமானவை, அச்சில் அதிக இடம் பிடிக்கும். சொல் குறைந்திருக்கிறதே என்று நம்பி விளக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போனால், பக்கம் கட்டும்போது வெட்ட வேண்டி வரும். அப்போது அவசரத்தில் வெட்டுப்படுவது பெரும்பாலும் கடைசிப் பத்திகள். முடிவைக் கடைசிக்குத் தள்ளிய கட்டுரைக்கு அதைவிடப் பெரிய விபத்து இல்லை.

எதைத் தொடக்கூடாது?

இவ்வளவு மாற்றிய பிறகு இது மொழிபெயர்ப்பா, தழுவலா? பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கியபோது ஆளையும் ஊரையும் சேர்த்தே மாற்றினார். நாடகத்தில் அது செல்லும். உண்மையைச் சொல்லும் கட்டுரையில் பெயர், தேதி, எண்ணிக்கை, யார் சொன்னார் என்ற விவரம் எதையும் தொட முடியாது. சோஹோவை மதுரை ஆக்க முடியாது. இன்னொருவர் எழுதிய கட்டுரையின் வரிசையை இந்த அளவு மாற்றினால் எழுதியவரிடம் கேட்க வேண்டும். அச்சில் ‘தமிழில் தழுவி எழுதியவர்’ என்று போட வேண்டும். மூலத்தின் கருத்தையும் மாற்றக்கூடாது. கைப்பிடியைக் கழற்றும் முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டது என்று மூல ஆசிரியர் எழுதியிருந்தால், கதை சுவைக்காக அதை மறைப்பது திருத்தம் ஆகாது, பொய் ஆகும்.

எல்லாக் கட்டுரைக்கும் இந்த மாற்றம் பொருந்தாது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் எப்படிக் கொடுப்பது என்ற கட்டுரையில் முடிவை ஒளித்துவைத்தால் குழந்தைக்குத்தான் ஆபத்து. செய்முறை, எச்சரிக்கை, அன்றாடச் செய்தி இவற்றில் முக்கியமானதை முதல் வரியில் சொல்வதே தமிழிலும் சரி. ஆய்விதழ் கட்டுரையிலும் அப்படித்தான். பொறுமையாக உட்கார்ந்து படிக்கும் வார, மாத இதழ்க் கட்டுரைக்குத்தான் வரிசை மாற்றும் வேலை.

சரியாக மாறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்ப் படியைக் கொடுத்து, பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று கேட்பது. ‘அந்தப் பம்பில் ஏதோ கலந்திருக்கிறது’ என்று ஹாம்ப்ஸ்டெட் விதவை வருமுன்பே சொல்லிவிட்டால், சான்றுகளில் ஒன்றைக் குறைக்கலாம். விதவை வந்த பிறகும் ‘யார் இந்த ஸ்நோ’ என்று கேட்டால், முதல் பத்தி தோற்றுவிட்டது.

கடைசிப் பத்தி

மூலத்தின் கடைசிப் பத்தி இன்னும் பாக்கி. பல ஆங்கிலக் கட்டுரைகள் ஒரு கண்சிமிட்டலோடு முடியும்: பம்பு இருந்த தெருவில் இன்று ஸ்நோவின் பெயரில் ஒரு மதுக்கடை இருக்கிறது, அவரோ வாழ்நாளின் பெரும்பகுதி மதுவைத் தொடாதவர். லண்டன்வாசிக்கு அது செல்லமான கேலி. தமிழ்ப் படியை அதில் முடித்தால், 500 சாவுகளைப் படித்து வந்தவருக்கு ஒரு துணுக்குதான் மிஞ்சும்.

பாதிரியார் வைட்ஹெட் கண்டுபிடித்ததை மூலம் நடுவில் வைத்திருந்தது. தமிழில் அதை இறுதிக்குக் கொண்டுவரலாம். பம்பை ஒட்டிய 40ஆம் எண் வீட்டில் லூயிஸ் என்ற போலீஸ்காரரின் குடும்பம் இருந்தது. அவர்களுடைய ஐந்து மாதக் குழந்தை பேதி கண்டு செப்டம்பர் 2ஆம் தேதி இறந்தது. குழந்தையின் துணியை அலசிய தண்ணீரைத் தாய் வீட்டு மலக்குழியில் ஊற்றியிருந்தார். அந்தக் குழியின் செங்கல் சிதைந்து, சில அடி தள்ளியிருந்த பம்புக் கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. கைப்பிடியைக் கழற்றிய நேரத்தில் கொள்ளைநோய் தணிந்துவிட்டது உண்மைதான். கழற்றியது வீண்தானோ என்று வாசகர் நினைக்கும் இடம் அது. ஆனால் குழந்தையின் தகப்பனாருக்குக் காலரா கண்டது செப்டம்பர் 8ஆம் தேதி, கைப்பிடியைக் கழற்றிய அதே நாள். அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் போனது. வெளியே தெருவில் பம்பு கைப்பிடி இல்லாமல் நின்றது.